இன்வெர்ட்டருக்கு அம்மை போட்டிருந்தபோது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு மெஷின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அதற்கு வேப்பிலை கட்டிவிட்டிருந்தார்கள்.

அப்போது நான் திருவொற்றியூரில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்திருந்தும் முதலில் என்னை ஸ்டோர்ஸில்தான் உட்கார வைத்தார்கள். பெண்பிள்ளை பேனல் போர்டு பக்கம் போனால் ஏதாவது ஆகிவிடும் என்று மேனேஜருக்குப் பயம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து என் கைரேகையே கிரீஸில் மறைந்துபோனது. சண்டை போட்டு, முறைத்து, நாள்கணக்கில் பேசாமல் இருந்து, கடைசியில் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த வேகத்தில் நான் செய்த காரியம், மொட்டைமாடியில் சோலார் போடலாம் என்று முதலாளி காதில் போட்டது. ரெண்டாயிரத்துப் பத்து வருவதற்குச் சற்று முன்பு அது. எங்கள் ஏரியாவில் சோலார் என்றால் கால்குலேட்டர்தான். வால்வு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று சொன்னேன். முதலாளிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. மாடியில் மூன்று வரிசையாகப் பேனல்கள் ஏறின. மாடிப்படி முடியும் இடத்தில், சுவரில், பளபளவென்று ஒரு வெளிநாட்டு இன்வெர்ட்டர். பச்சை விளக்கு எரிந்தால் கரண்டு வருகிறது, சிவப்பு எரிந்தால் வரவில்லை. குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

மார்கழி பிறந்ததும் சிவப்பு எரிய ஆரம்பித்தது.

காலையில் மாடி முழுக்கப் பனி சொட்டும். கடல் பக்கத்திலிருந்து வரும் ஈரம் வேறு. எட்டு மணிக்கு நான் வந்து பார்த்தால் இன்வெர்ட்டர் சிவப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். திரையில் ‘ஐசோலேஷன் ஃபால்ட்’ என்று எழுதியிருக்கும். பத்து, பத்தரைக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சைக்கு மாறிவிடும். பனி இல்லாத நாளில் காலையிலிருந்தே சமர்த்து.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்வெர்ட்டர் தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன், பேனலிலிருந்து வரும் ஒயர்களுக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். ஒயர்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை நன்றாக இருந்தால் கரண்டு எங்கேயும் கசியாது. எங்காவது பழுதாகி, அங்கே ஈரமும் சேர்ந்தால், பேனலைத் தாங்கும் அலுமினியச் சட்டம் வழியாக எர்த்துக்குக் கசியும். அப்படிக் கசிந்தால் இன்வெர்ட்டர் லைனோடு சேரவே சேராது. நல்ல புத்தி அதற்கு. காய்ந்ததும் கசிவு நிற்கும், அதுவும் கிளம்பிவிடும். கசிவது எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பேனல் போட்ட கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் பெங்களூரில் இருந்தார். கூப்பிட்டால் ரயிலேறி வருவார். சென்ட்ரலில் இறங்கி, டிபன் முடித்து, பஸ் பிடித்து, பாலத்தடியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி, பதினோரு மணிக்கு வந்து சேருவார். பதினோரு மணிக்கு எல்லாமே காய்ந்த அப்பளம். கசிவை அளக்கும் மெக்கரை வைத்துப் பார்ப்பார். “பெர்ஃபெக்ட், மேடம்” என்பார்.

“சார், காலைல ஏழு மணிக்கு வாங்க.”

“ரயில் அந்த நேரத்துக்கு வராதே மேடம்.”

வந்தவர் மதியம் எங்கள் கேன்டீனில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு, ஊருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார். எங்கள் கேன்டீனை நடத்திய அக்கா காசிமேட்டுப் பக்கம் மீனவக் குப்பத்துக்காரர். அவர் வைக்கும் சாவாளைக் கருவாட்டுக் குழம்புக்காகவே ஆடிட்டர் எங்கள் கம்பெனிக்குத் தேவைக்கு அதிகமாக வந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் குழம்பு முன்னைவிட ருசியாக இருந்தது. நானே அக்காவிடம் சொன்னேன்.

“புது இடத்துல காயப்போட்றேன் பாப்பா. ஒரு காக்கா கிட்ட வராது” என்றார் அக்கா, பெருமையாக. நான் தட்டை வழித்துக்கொண்டிருந்ததில் எந்த இடம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்கிடையில் வெளிநாட்டு வாங்குநர்கள் வரும் செய்தி வந்தது. காலை ஏழரைக்கு வந்து, சுற்றிப் பார்த்து, அப்படியே விமானத்துக்குப் போகிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏழரைக்கு வராங்கம்மா. உன் மெஷின் எத்தன மணிக்கு எழுந்திரிக்கும்?”

“பத்து மணிக்கு சார்.”

“ஏழரைக்குப் பச்சை எரியணும். எரியலைன்னா முதலாளி என்னைக் கேப்பாரு. அவர் என்னைக் கேட்டா, அடுத்த நாள் நீ ஸ்டோர்ஸ்ல இருப்ப.”

ஸ்டோர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கையில் கிரீஸ் வாடை வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அதை ஆத்திரமாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலை மாடிப்படி ஏறினால், இன்வெர்ட்டருக்கு மேலே கொத்தாக வேப்பிலை. அடியில் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் கைகட்டி நிற்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன். வியாசர்பாடிக்காரர், என்னைவிட அனுபவசாலி, வாய் மட்டும் நிற்காது.

“இன்னாண்ணா இது?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கேன்டீன் அக்கா மெஷினுக்கு இன்னா கோளாறுன்னு கேட்டுச்சு. போர்டுல இன்னா எய்தி கீதோ அத்த அப்படியே படிச்சேன். ஐசோலேஷன்னு.”

“அதுக்கு?”

“அது தங்கச்சி புள்ளைக்கு அம்மை போட்டப்போ ஆஸ்பத்திரில ஐசோலேஷன் வார்டுலதான் வச்சாங்களாம். அதான்.”

அக்காவே படியேறி வந்தார். கையில் இன்னும் ஒரு கொத்து.

“அக்கா, இது மெஷினு. இதுக்கு அம்மையெல்லாம் வராது.”

“நாள் முச்சூடும் வெயில்லயே கீது. சூடு ஏறாம இன்னா பண்ணும்? பாரு, மூஞ்சி எப்படி செவந்துகினு கீது.”

சிவப்பு விளக்கைத்தான் சொன்னார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“மார்கழில கூடவா அம்மை போடும்?” என்றேன். கேட்டபிறகுதான் நானும் இந்தப் பேச்சில் கலந்துவிட்டேன் என்று புரிந்தது.

“ஆத்தாளுக்கு மார்கழி இன்னா, மாசி இன்னா” என்று சொல்லி, மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் தண்ணீரை மெஷின்மேல் தெளிக்கக் கையை ஓங்கியவரை அண்ணன் பாய்ந்து பிடித்தார். “யக்கா! ஷாக் அடிச்சா மெஷினுக்குப் பதிலா நீதான் வார்டுக்குப் போவ!” தரையில் மட்டும் தெளிக்க ஒப்புக்கொண்டார்.

இலையைப் பிய்த்துப்போட என் கை துடித்தது. ஆனால் அதற்குள் ஷாப் ஃப்ளோரிலிருந்து ஆள் ஆளாக வந்து கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்துவிட்டார்கள். லேத் ஆபரேட்டர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டே வந்தார். சரி, இருக்கட்டும், இலை எந்த ஒயரையும் தொடாத உயரத்தில்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கடும்பனி. எதிர்க்கட்டடம் தெரியவில்லை. மாடி ஏறினேன். பச்சை.

அதற்கு மறுநாளும் பனி. பச்சை.

என் ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? சரியானதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், மெஷினை முறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கனெக்டரை நான் தொடவில்லை, ஒரு ஸ்க்ரூவை அண்ணன் முடுக்கவில்லை. டிப்ளமாவில் மூன்று வருஷம் படித்தவளுக்கு ஒரு கொத்து வேப்பிலை போட்டியாக வந்துவிட்டது. மேனேஜர் தினமும் காலையில் வந்து பச்சையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் நடந்தது. கேன்டீனில் சாம்பார், ரசம், கூட்டு. மறுநாளும் சாம்பார். அம்மை போட்ட வீட்டில் கவிச்சி கூடாது இல்லையா? மெஷின் இருக்கும் கூரைக்குக் கீழே மீன், கருவாடு எதுவும் அடுப்பில் ஏறாது என்று அக்கா அறிவித்துவிட்டார். தாளிப்புகூடக் கிடையாது. தாளிக்காத சாம்பாரை மூன்று ஷிப்டும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டது. பெங்களூர்க்காரர்கூட அந்த வாரம் போன் பண்ணி மெனுவை விசாரித்துவிட்டு, நேரில் வர அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

விசிட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா தண்ணீர் ஊற்றினார். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல மெஷினுக்கு ஊற்ற முடியாதென்பதால், அதன் பெயரைச் சொல்லிப் படிக்கட்டில் ஊற்றினார். மெஷினுக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்டார். மாடல் நம்பரைச் சொன்னேன். அதைச் சொல்லியே ஊற்றினார். அண்ணன் தரை துடைத்தார். மறுநாள் மதியம் சாவாளைக் குழம்பு திரும்பி வந்தது. நான் மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். அக்காவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். சாயங்காலமே அடுத்த ஈடு மீனை உப்பில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு எங்கோ போனதை நான் பார்த்தேன். பார்த்து, புன்னகைத்து, வழியும் விட்டேன்.

விசிட் அன்று விடிந்ததுமே போய்விட்டேன். பனி நெற்றியில் சொட்டியது. படி ஏறித் திரும்பினால், காய்ந்த வேப்பிலைக்குக் கீழே சிவப்பு.

ஸ்டோர்ஸ் அறையின் அந்த டியூப்லைட் கண்ணுக்கு முன்னால் வந்து மினுக்கியது. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

“போச்சு மேடம். மறுபடியும் போட்டுடுச்சு. அக்காவைக் கூப்ட்டு புது எல கட்டட்டுமா?”

“இலையைப் பத்திப் பேசினா உன்னைத் தூக்கி அந்த டேங்க்ல போட்ருவேன்!” என்று கத்தினேன். கத்தியதும் மூளை வேலை செய்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். இத்தனை நாளும் மெஷின் காய்ந்தபிறகே நாங்கள் தேடியிருக்கிறோம். நோய் இருக்கும்போதுதான் நாடி பார்க்க வேண்டும். இப்போது கசிந்துகொண்டிருக்கிறது. இப்போது பிடித்தால் உண்டு.

மெஷினின் டிசி சுவிட்சை அணைத்தோம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மூன்று வரிசையின் ஒயர்களும் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ்களைக் கழற்றி வரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். பனி மூடிய வெளிச்சத்திலும் பேனலில் வோல்டேஜ் நிற்கும். ஒவ்வொரு வரிசையிலும் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்தேன். முதல் வரிசையில் எண் நிற்காமல் பூஜ்யத்துக்கு இறங்கியது. நல்ல வரிசை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எண் அசையாமல் நின்றது. பிளஸ் பக்கம் நூற்றிருபது வோல்ட். மைனஸ் பக்கம் இருநூற்றெண்பது.

“அண்ணா, வரிசைல எத்தன பேனல்?”

“பத்து.”

“மொத்தம் நானூறு. ஒண்ணுக்கு நாப்பது. பிளஸ்லேர்ந்து நூத்திருபதுன்னா?”

அண்ணன் விரல் மடக்கினார். “மூணு பேனல்! மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கீது மேடம் பேஜாரு!”

ஓடினோம். அந்த இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பேனலின் முதுகுப்பக்கம், ஆள் குனிந்துதான் நுழைய முடியும். நான் மண்டியிட்டு டார்ச்சை அடித்தேன்.

ஒரு சாவாளை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அலறிவிட்டேன். பிறகு பார்த்தால் ஒன்றல்ல, ஒரு குடும்பமே. வெள்ளி ரிப்பன் மாதிரி நீள நீளமாக, பேனலுக்கு அடியில் ஓடும் கேபிளில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கின. மேலே பேனல் கூரை, பனி படாது. பகலில் கண்ணாடி கொதிக்கும், அடியில் அனல். காக்கா கண்ணுக்கே தெரியாது. கருவாடு காய இதைவிட நல்ல இடம் சென்னையில் கிடையாது என்பதை நான் இன்றும் ஒப்புக்கொள்வேன்.

மீனின் பாரத்தில் கேபிள் தாழ்ந்து, இரண்டு பேனலை இணைக்கும் கனெக்டர் பாதி இழுபட்டு, அலுமினியச் சட்டத்தின்மேல் படுத்திருந்தது. அதன்மேல் உப்புத்தண்ணீர் சொட்டியிருந்தது. உப்பு, பனிக்காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரம் வழியாகத்தான் கரண்டு சட்டத்துக்கு நழுவியது. மீன் இல்லாதபோது கேபிள் எழும்பிக்கொள்ளும், கனெக்டர் சட்டத்தைத் தொடாது, கசிவும் இருக்காது. அக்கா பத்து மணிக்குத்தான் காய்ந்த கருவாட்டை மட்டும் குழம்புக்கு எடுத்துப் போவார், பாரம் குறையும். இத்தனை நாளும் பத்து மணிக்குப் பச்சையைக் கொண்டுவந்தது வெயிலா, அக்காவின் சமையல் நேரமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அம்மை என்று பயந்து அவர் மீனை நிறுத்திய வாரத்தில் மெஷின் குணமானதற்குக் காரணம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வேப்பிலை நிஜமாகவே வேலை செய்திருக்கிறது!

அந்தக் கனெக்டரை அந்த அவசரத்தில் மாற்ற நேரமில்லை. மூன்றாவது வரிசையின் ஃபியூஸைப் போடாமலே விட்டுவிட்டு, மற்ற இரண்டு வரிசையோடு டிசி சுவிட்சைப் போட்டேன். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. தன் ஒயர்களைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டது.

பச்சை.

அண்ணன் கருவாட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு குதி குதித்தார். அந்த நேரம் பார்த்து அக்கா மாடிக்கு வந்தார்.

“யேய், இன்னாடா என் சாவாளைய வச்சி வெளாடற?”

“அக்கா,” என்றேன். கோபம் தலைக்கேறி, நாக்குக்கு வந்து, அங்கே சிரிப்பாக மாறிவிட்டது. “இத்தன நாளா சிவப்பு எரிஞ்சது இதனாலதான். நீ கொடி மாதிரி மீனை மாட்டுனியே, அது கரண்டு போற ஒயரு.”

அக்காவின் முகம் வெளுத்தது. “அய்யோ பாப்பா. மேனேஜருக்குத் தெரிஞ்சா கேன்டீன எட்த்துடுவாரே. ஷாக் அடிச்சிருந்தா நானும் பூட்டிருப்பனா?”

“பூட்டிருப்ப.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கைகொடுத்து எழுப்பிவிட்டேன்.

ஏழரைக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பச்சையைப் பார்த்தார்கள். அதைவிட அதிக நேரம் இலையைப் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். “இயற்கை எரிசக்திக்கு எங்க ஊர் மரியாதை” என்றார் மேனேஜர், ஆங்கிலத்தில், நெஞ்சை நிமிர்த்தி. அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்கைச் சுளித்துக் காற்றை முகர்ந்தார். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

அவர்கள் போனதும் மேனேஜர் என்னிடம் வந்தார். டீத்தட்டோடு அக்கா பின்னால் நின்றார். தட்டு நடுங்கியதில் கிளாஸ்கள் பேசிக்கொண்டன.

“நல்லா சமாளிச்சம்மா. என்ன பண்ண?”

மூன்றும் நாலும், நூற்றிருபது வோல்ட், உப்பு, கனெக்டர் என்று எல்லாம் வாய் நிறைய வந்து நின்றது. என் வாழ்க்கையிலேயே நான் சரியாகப் போட்ட கணக்கு. சொன்னால் ஏன் உப்பு என்று கேட்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“ஒரு கனெக்டர் லூஸ் சார். மாத்திடறேன்.”

“அதெல்லாம் சும்மா. எனக்குத் தெரியும்,” என்றார் மேனேஜர், இலையைப் பார்த்துக் கண்ணடித்து. “இனிமே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புது இலை கட்டிடு. உன்னை ஸ்டோர்ஸுக்கு அனுப்பினா இதையெல்லாம் யார் பாக்கறது?”

அப்படித்தான் நான் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் நிரந்தரமானேன்.

அன்று சாயங்காலமே கனெக்டரை வெட்டி எறிந்து புதிது போட்டோம். உப்பைத் துடைத்து, கேபிளை எங்கேயும் தொங்காமல் சட்டத்தில் இழுத்துக் கட்டினோம். மீன் என்ன, ஒரு நூல்கூட இனி அதில் மாட்ட முடியாது. அக்காவிடம், மெஷினுக்குக் கீழே இனிமேல் எந்நாளும் கவிச்சி ஆகாது என்றேன்.

“அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அப்போ இது சாமிதான்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எவ்வளவு பனி விழுந்தாலும் இன்வெர்ட்டர் சிவப்பு காட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்டூலில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு, வேப்பிலை கட்டினேன். அக்கா கருவாட்டைப் பழையபடி கேன்டீன் ஓட்டின்மேல் காயப்போட ஆரம்பித்தார். பாதியைக் காக்கா தின்றது, மீதி சரியாகக் காயவில்லை. குழம்பு அந்த ருசிக்குத் திரும்பி வரவே இல்லை. மூன்று ஷிப்டும் புலம்பியது, பெங்களூர்க்காரர் வருவதையே நிறுத்திவிட்டார். அக்கா சமையலில் கை தவறிவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காரணம் தெரிந்த மூன்று பேரும், தலையைக் குனிந்துகொண்டு, அந்தச் சப்பைக் குழம்பைச் சாப்பிட்டோம்.